சலவை அறை விளக்கு

மரே ட்ரான்டர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட 'பெருமகிழ்ச்சி' அடைந்ததில்லை. 'பெருமிதம்' கொண்டதில்லை. எதையும் 'பயணம்' என்று சொன்னதில்லை. இந்தச் சொற்களெல்லாம் கெரினின் மேசைக்கு மேலே, சுவரில் ஒட்டிய தாளில் வரிசையாக இருந்தன. தலைப்பை அவள் கணவன் டெவிட்டா பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தான்: 'மரே வாயில் வராதவை.'

மரே, பிரிஸ்பேனில் ஒரு குளிர்சாதன லாரிக் கம்பெனியின் தலைவர். உறைந்த மீனும் ஐஸ்கிரீமும் ஏற்றிக்கொண்டு அவருடைய லாரிகள் கெய்ன்ஸ் வரை போகும். லிங்க்டினில் அவர் பெயரில் வியாழக்கிழமைதோறும் வரும் பதிவுகளை எழுதுவது கெரின். அது அவர்கள் இருவரையும் சேர்த்து நாலைந்து பேருக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் துறைமுகத்துப் பக்கமுள்ள டெப்போவிலிருந்து அலுவலகத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டே மரே பேசுவார். ஸ்டியரிங்கிலிருந்து கை எடுக்காமல் பேசுகிற ஏற்பாட்டைக் காரிலேயே செய்து வைத்திருந்தார். டயர் விலை, வராத மெக்கானிக், புதிதாகச் சேர்ந்த பெண் டிரைவர் அவரிடம் கேட்ட சங்கடமான கேள்வி. எல்லாம் ஒரே மூச்சில் வரும். போய்ச் சேர்ந்ததும் ஒலிப்பதிவை அனுப்பிவிடுவார். பாதி நாள் அணைக்க மறந்துவிடுவார்; பேச்சு முடிந்த பிறகும் வண்டிச் சத்தம் மட்டும் பத்து நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும்.

கெரின் அதை இரண்டு முறை கேட்பாள். முதல் முறை, என்ன சொல்கிறார் என்பதற்கு. இரண்டாம் முறை, எப்படிச் சொல்கிறார் என்பதற்கு. மரே 'பாரு' என்று ஆரம்பிப்பார். கோபம் வந்தால் குரல் உயராது, வேகம் குறையும். யாரையும் நேராகப் பாராட்ட மாட்டார். "பரவால்ல, அவன் இருக்கட்டும்" என்பதுதான் அவர் தருகிற மெடல். முடிவில் ஒரு பாடம் சொல்லி முடிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பேச்சு எங்கே தீர்ந்துபோகிறதோ அங்கே நிறுத்திவிடுவார். கெரினும் அங்கேயே நிறுத்துவாள். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாள். மரேயின் கார் சீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாத வாக்கியம் எதுவும் வெளியே போகாது.

தானாக எதையும் கற்பனை செய்யக் கூடாது என்பது அவளுடைய ஒரே விதி. பதிவில் இருக்கும் ஒவ்வொன்றும் அவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். வெட்டலாம், முன்பின்னாக மாற்றலாம், அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குத் தேவைப்படாத நல்ல துண்டுகளை வெட்டி 'மிச்சம்' என்ற கோப்பில் போட்டு வைப்பாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவு வரவில்லை. புதன் மதியம் கெரின் கேட்டதற்கு இரண்டு வரி வந்தது.

"சாரி மேட். போர்டு மீட்டிங் கழுத்த நெரிக்குது, காலைல பெர்த் ஃபிளைட். பழசுலேருந்து ஏதாவது எடுத்துப் போடு."

இது முன்பும் நடந்ததுதான். கெரின் மிச்சக் கோப்பைத் திறந்தாள். போன மாதம், டெப்போவின் பின்கதவுக்கு மேலே பல்பு எரியாமல் கிடந்ததையும், ராத்திரி வருகிற டிரைவர்கள் போன் வெளிச்சத்தில் பூட்டைத் தேடியதையும், பிறகு புது பல்பு மாட்டியதையும் அவர் சொல்லியிருந்தார். அதோடு, கோப்பின் அடியாழத்தில், அவர் வீட்டு விளக்கைப் பற்றிய போன வருடத்துத் துண்டு ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று செய்து வைத்தது போலப் பொருந்தின. அவளுக்குக் கை பரபரத்தது. ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தாள்.

*'பாரு, நான் லேட்டா வீட்டுக்குப் போற அன்னிக்கெல்லாம் சலவை ரூம்ல மட்டும் லைட் எரியும். ஜெனெல் போட்டு வச்சிட்டுப் படுத்திருப்பா. அவ அதப் பத்திப் பேசினதில்ல. நானும் கேட்டதில்ல.*

*நம்ம டெப்போ பின்கதவுல பல்பு போயி ரொம்ப நாளாம். ராத்திரி வர்றவங்க செல்போன வாயில கவ்விக்கிட்டுப் பூட்டு தொறந்திருக்காங்க. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல. நானும் கேட்டதில்ல.*

*இப்ப மாட்டியாச்சு.'*

மரேக்கு அனுப்பினாள். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. வியாழன் காலைக்கு நேரம் குறித்து வைத்தாள்.

வியாழன் காலை அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே பதிவு பரவத் தொடங்கிவிட்டது. யார் யாரோ தங்கள் வீட்டு விளக்குகளைப் பற்றி எழுதினார்கள். சிட்னியில் ஒரு வங்கித் தலைவர், 'காரில் உட்கார்ந்து அழுதேன்' என்று போட்டிருந்தார்.

"வங்கிக்காரன அழ வச்சிட்டியா?" டெவிட்டா டோஸ்டில் வெஜிமைட் தடவிக்கொண்டே சிரித்தான். "அப்ப நம்ம வீட்டுக் கடன் விஷயமா அந்த ஆள் கிட்டயே நீ பேசு."

கெரினும் சிரித்தாள். கீழே உருட்டிக்கொண்டே போனாள். சிரிப்பு அங்கேயே நின்றது.

நோபி என்று ஒருவர். டெப்போவின் மூத்த டிரைவர். மரேயின் ஒலிப்பதிவுகளில் வாரம் தவறாமல் திட்டு வாங்குகிறவர். அவர் எழுதியிருந்தது: *'எந்த வீட்டு லைட்டு பாஸ்?'*

அதற்குக் கீழே டிரைவர்கள் வரிசையாகச் சிரிப்பு முகங்கள் போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், *'நோபி, விடுப்பா, பாவம்'* என்று எழுதியிருந்தார்.

"டெவிட்டா, இதப் படி."

அவன் படித்தான். சிரிக்கவில்லை. "இது நக்கல் இல்ல கெரின். இவங்களுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு."

அப்போது போன் அடித்தது. திரையில் ஜெனெல் ட்ரான்டர்.

மரேக்குக் கெரினைக் கொண்டுவந்து சேர்த்ததே ஜெனெல்தான். இருவருடைய பெண்களும் ஒரே அணியில் நெட்பால் ஆடிய காலத்தில், மைதானத்து ஓரத்தில், "எம் புருஷன் பேசினா நல்லாத்தான் இருக்கும், எழுதினா டாக்ஸ் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும். நீ எழுதித் தர்றியா?" என்று கேட்டவள். பெண்கள் ஆட்டத்தை விட்ட பிறகு சந்திப்பு நின்றுபோயிருந்தது.

"ஜெனெல்! எவ்ளோ நாளாச்சு!"

"நான் மார்ச்லயே அந்த வீட்ட விட்டு வந்துட்டேன், கெரின்." குரல் தட்டையாக இருந்தது. "உனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறேன். தெரிஞ்சே எழுதியிருந்தா இந்தப் போன வச்சிடறேன்."

கெரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். "தெரியாது. சத்தியமா தெரியாது."

"டெப்போக்கே தெரியும். பாதி நாள் அங்கதான் டிரைவருங்க ரூம்ல படுத்துக்கறான்." ஜெனெல் ஒரு மூச்சு விட்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த லைட் விஷயம். அவன் சொன்னதா, நீயா எழுதினதா?"

யார் எழுதினார்கள், யார் சொன்னார்கள் என்பதை எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று கெரின் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆனால் இவளிடம் எதை மறைப்பது?

"அவர் சொன்னதுதான்."

"எப்ப?"

"போன வருஷம்."

"நான் அங்க இருந்தப்ப."

"ஆமா."

மறுமுனையில் ஒரு நாய் குரைத்தது. ஜெனெல் அதை அதட்டவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த லைட்டப் போட்டேன். கரண்ட் பில்லு ஏறுதேன்னுதான் அவன் நெனைக்கிறான்னு இருந்தேன். உங்கிட்ட சொல்லியிருக்கான். எங்கிட்ட சொல்லல."

கெரின் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சனிக்கிழமை காபி குடிக்கலாம் வான்னு கூப்டிருக்கான். அஞ்சு மாசத்துல முதல் தடவை. வர்றேன்னு சொல்லிட்டேன். இப்ப இதப் பாத்தா, ஊர் முன்னாடி என்னை நல்லவளாக்கித் திரும்ப இழுக்கறதுக்கு நீங்க ரெண்டு பேரும் உக்காந்து போட்ட திட்டம் மாதிரி இருக்கு. அந்த ரெக்கார்டிங்க அனுப்பு. அவன் குரல்ல கேட்டாத்தான் நம்புவேன்."

"அது அவரோடது, ஜெனெல். அவரக் கேக்காம நான் குடுக்க முடியாது."

"அப்ப சனிக்கிழமை நான் போகல" என்றாள் ஜெனெல். வைத்துவிட்டாள்.

மரே வானத்தில் இருந்தார். பெர்த்தில் இறங்க இன்னும் வெகு நேரம் இருந்தது. பதிவை நீக்கிவிடலாமா? நீக்கும் வசதி கெரினின் கையில்தான் இருந்தது. ஆனால் அவர் சொல்லாமல் நீக்கினால் அதுவும் அவர் பேச்சாகிவிடும். பார்க்க வேண்டியவள் பார்த்தாகிவிட்டது; இப்போது நீக்கினால், ஓடி ஒளிந்துகொண்டார் என்பார்கள். நோபிக்குப் பதில் எழுதலாமா? மரே போல ஒரு வரி எழுதுவது அவளுக்குச் சுண்டைக்காய். விரலைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

கம்பெனியின் மக்கள் தொடர்பைப் பார்க்கிற பிப், இடையில் கூப்பிட்டாள். கெரினின் வேலையைத் தன் குழுவுக்கு மாற்ற வேண்டும் என்று பிப் மூன்று முறை கேட்டிருக்கிறாள்.

"நாங்க ஒரு அறிக்கை ரெடி பண்ணிட்டோம். படிக்கிறேன் கேளு. 'எங்கள் பயணத்தில் உடன் வரும் அனைத்துக் குடும்பங்களையும் நாங்கள் பெருமிதத்துடன் கொண்டாடுகிறோம்...'"

"பிப், அவர் எறங்கற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"எறங்கினதும் அவர் உன்னைத் தொலைச்சிடுவார், கெரின். அன்பா சொல்றேன்."

அது நடக்கக்கூடியதுதான். ஆனால் கெரின் நினைத்துக்கொண்டிருந்தது அதையல்ல. ஒரு பெண், ஐந்து மாதத்துக்குப் பிறகு வருகிறேன் என்று சொன்னவள், கெரினின் எழுத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறாள்.

மரே இறங்கியதும் கூப்பிட்டார். "என்ன ஆச்சு? போன் வெடிச்சிடும் போலருக்கு."

"நான் போட்டத நீங்க படிக்கல, இல்லையா?"

"போர்டு மீட்டிங் வேலைல ஓடிட்டிருந்தேன். கட்டவிரல் போட்டேனே."

"இப்பப் படிங்க."

விமான நிலைய அறிவிப்புகள் கேட்டுக்கொண்டிருந்தன. ஒருவர் பெட்டியை உருட்டிக்கொண்டு போனார். மரே படித்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாகக் கேட்டார். "ஜெனெல் பாத்துட்டாளா?"

கெரின் எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமையையும் சொன்னாள்.

"உன் தப்பு இல்ல. நாந்தான் பழசுலேருந்து போடுன்னேன்." அவர் தொண்டையைச் செருமினார். "பாரு, நீ ஒண்ணு பண்ணு. அவளுக்கு ஒரு மெசேஜ் எழுதிக் குடு. நான் பேசற மாதிரி. எனக்கு இதெல்லாம் வராது. என்னை மாதிரிப் பேசறதுக்கு என்னை விட உனக்குத்தான் நல்லா வரும்."

அவர் சிரிக்க முயன்றார். கெரின் "பாக்கறேன்" என்றாள்.

எழுத உட்கார்ந்தாள். 'பாரு ஜெனெல்' என்று தொடங்கியதும் மீதி தானாக வந்தது. எங்கே நிறுத்துவார், எதைச் சொல்லாமல் விடுவார், எங்கே தன்னையே கிண்டல் செய்துகொள்வார், எல்லாம் வந்தன. பாதியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இதைப் படித்தால் ஜெனெல் வருவாள். வந்து, மேசைக்கு எதிரே உட்கார்ந்து, இப்படிப் பேசத் தெரியாத ஒரு மனிதரைப் பார்ப்பாள்.

டெவிட்டா பின்னால் நின்று படித்தான். அவன் பள்ளியில் ரக்பி சொல்லிக் கொடுப்பவன். சுற்றிவளைத்துப் பேச மாட்டான்.

"அப்படியே அவர் மாதிரியே இருக்கு" என்றான்.

"ம்."

"நான் உனக்கு இப்படி ஒண்ணு அனுப்பி, அத வேற யாரோ எழுதினான்னு தெரிஞ்சா நீ என்ன பண்ணுவே?"

"உன் ரக்பி பால நடுவுல கிழிப்பேன்."

"அதான்" என்று சொல்லிவிட்டு அவன் பையை எடுத்துக்கொண்டு மதியப் பயிற்சிக்குக் கிளம்பினான்.

கெரின் எழுதியதை அழித்தாள். மரே நிஜத்தில் என்ன சொன்னார் என்று ஒருமுறை கேட்டுவிடலாம் என்று, வெட்டிய துண்டை விட்டுவிட்டு, போன வருடத்து முழு ஒலிப்பதிவைத் தேடி எடுத்தாள்.

அதே குரல். "...அவ அதப் பத்திப் பேசினதில்ல. நானும் கேட்டதில்ல." பிறகு அமைதி. வண்டி நிற்கும் சத்தம். திரும்புவதற்கான விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. சிக்னல் போலிருக்கிறது. அணைக்க மறந்துவிட்டார் என்று நினைத்து அன்று அவள் இங்கேதான் நிறுத்தியிருந்தாள், இங்கேதான் வெட்டியிருந்தாள். இன்று நிறுத்தவில்லை.

டிக் டிக் நின்றது. வண்டி நகர்ந்தது. மரே சொன்னார்:

"இதப் போடாத, கெரின். அவகிட்டயே இன்னும் சொல்லல. மொதல்ல அவகிட்ட சொல்லணும்."

அதற்கப்புறம் சாலைச் சத்தம் மட்டும்.

கெரின் அந்த வரியை இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். எதையும் கற்பனை செய்யவில்லை என்ற ஒரே தைரியத்தில்தான் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். இப்போது காலடியில் அதுவும் இல்லை. இந்த வரியைக் கேட்டது அவள் ஒருத்திதான். சொன்னவருக்கே நினைவில்லை. சொல்லாமல் விட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை.

அவள் மரேயைக் கூப்பிட்டாள்.

"எழுதிட்டியா?"

"இல்ல. எழுத மாட்டேன். ஆனா வேற ஒண்ணு சொல்லணும். உன் தப்பு இல்லன்னு சொன்னீங்க. என் தப்புதான். அன்னிக்கே இதப் போடாதன்னு சொல்லியிருக்கீங்க. நான் கடைசி வரைக்கும் கேக்கல."

"போடாதன்னு சொன்னேனா?"

"சொன்னீங்க. ஏன்னும் சொன்னீங்க."

மரே ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "நான் உன்னை நம்பி வண்டில தனியா பேசறேன், கெரின். எம் பொண்டாட்டிகிட்ட கூட அப்படிப் பேசினதில்ல."

"தெரியும்."

"அதான் பிரச்சனையே போலருக்கு" என்றார் மரே. எதைச் சொன்னார் என்று கெரின் கேட்கவில்லை. "அத ஜெனெலுக்கு அனுப்பு. முழுசா. வெட்டாம."

அனுப்பினாள். இருமல், கெட்ட வார்த்தை, மீன் விலை, சிக்னலின் டிக் டிக், எல்லாவற்றோடும்.

அன்று சாயங்காலம் நோபியின் கேள்விக்குக் கீழே மரேயின் பதில் வந்திருந்தது. கெரின் எழுதியதல்ல. *'அப்ப எங்க வீட்டுல எரிஞ்ச லைட்டு நோபி. இப்ப எரியல. அத இப்படிப் போட்டிருக்கக் கூடாது, தப்புதான். பின்கதவு பல்பு நெஜம். நாளைக்கு வந்து திட்டு.'* நோபி அதற்குக் கட்டைவிரல் மட்டும் போட்டிருந்தார். கெரின் அந்தப் பதிலைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதில் ஒரு சொல்லைக்கூட அவளால் எடுத்திருக்க முடியாது.

சனிக்கிழமை ஒரு செய்தியும் இல்லை. அவள் மார்க்கெட்டுக்குப் போய், வாங்க வேண்டியதை விட்டுவிட்டு நான்கு அன்னாசிப் பழத்தோடு வந்தாள். ஞாயிறும் ஒன்றுமில்லை. திங்களன்று பிப், அடுத்த மாதத்துத் திட்டத்தைக் கேட்டு மிகவும் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். அந்த மரியாதை கெரினைத் தூங்க விடவில்லை.

"வேல போனா போகுது" என்றான் டெவிட்டா. "அன்னாசி இருக்கு."

"வேல இல்லடா. அவ போனாளான்னு தெரியணும்."

செவ்வாய்க்கிழமை, வழக்கமாக ஒலிப்பதிவு வரும் நேரம் தாண்டிப் போயிற்று. கெரின் காபியை இரண்டு முறை சூடாக்கினாள், குடிக்கவில்லை. பிறகு போன் ஒருமுறை அதிர்ந்தது.

மரே. ஒலிப்பதிவு. வழக்கத்தைவிட நீளமானது.

"பாரு கெரின், டயர்காரன் மறுபடியும் வேலையக் காட்டிட்டான்..." என்று தொடங்கினார். டயர், அதன் பிறகு துறைமுகத்து வரிசை, அதன் பிறகு சாயம் போன சீருடை. ஜெனெல் பெயர் வரவில்லை. சனிக்கிழமை வரவில்லை. பேச்சு தீர்ந்தது. சாலைச் சத்தம்.

கெரின் நிறுத்தவில்லை. இனி எப்போதும் நிறுத்துவதாக இல்லை. லாரிகள் கடந்துபோகும் இரைச்சலையும், பாலத்து இணைப்புகளில் சக்கரம் தட்டுவதையும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். டிக் டிக் என்று திரும்புகிற விளக்கு அடித்தது. வண்டி நின்றது. கதவு திறந்தது. ஒரு நாய் குரைத்தது.

அன்று ஜெனெலின் போனில் கேட்ட அதே நாய். தூரத்தில் ஜெனெலின் குரல். "காலங்காத்தால வந்து நிக்கிறே. பல்பு வாங்கினியா?"

"வாங்கினேன். இந்த வீட்டுல சலவை ரூம் எந்தப் பக்கம்?"

"அது என்னடா கையில போனு, யார்கிட்ட பேசிட்டிருக்கே?"

"ஐயோ, இன்னும் ஓடுதா இது..."

முழுவதும் கேட்க வேண்டும் என்பது புது விதி. ஆனால் கெரின் கையை நீட்டி அங்கேயே நிறுத்தினாள். டயர் வரைக்கும் வெட்டித் தனியாக எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை மிச்சக் கோப்பில் போடவில்லை; அழித்தாள். பிறகு ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டயர்காரனைப் பற்றி எழுத ஆரம்பித்தாள்.